கான்கிரீட் போடும்முன் வைக்காத ஸ்லீவும், சுவருக்குள் தேங்கும் ஏசி தண்ணீரும்: புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: புதிய வீட்டின் படுக்கையறை ஏசிக்குச் சுவருக்குள் பதித்த டிரெயின் பைப்பை மாற்றித் தரவும், அவுட்டோர் யூனிட்டை இடம் மாற்றவும் கோருதல்.

ஐயா,

வீடு கட்டிக்கொண்டிருக்கும்போதே ஏசி பைப்புகளைச் சுவருக்குள் பதிக்கும் வேலையை உங்கள் நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். சுவர் எழும்பிய பிறகு உடைக்கக் கூடாது என்பதுதான் அதற்கு ஒரே காரணம். இப்போது குடிவந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, படுக்கையறைச் சுவரை உடைக்கச் சொல்லி நானே உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஏசியிலிருந்து அறைக்குள் தண்ணீர் ஒழுகுகிறது. முதல் பத்து நாள் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு இரவு களகளவென்று சத்தம் கேட்டது. காலையில் யூனிட்டுக்குக் கீழே சுவர் நனைந்திருந்தது. உங்கள் ஆள் வந்தார், ஃபில்டரைக் கழுவினார், பைப்பை உறிஞ்சு எந்திரம் வைத்து இழுத்தார். இரண்டு நாள் சரியாக இருந்துவிட்டு மறுபடி ஒழுகியது. இது நான்கு முறை நடந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் சர்வீஸ் சீட்டில் "ஃபில்டர் அழுக்கு" என்று எழுதிப் போகிறார்கள்.

ஃபில்டர் அழுக்கானால் காயிலில் பனி கட்டி, அது உருகி ஒழுகலாம் என்பது உண்மைதான். அதனால்தான் மூடியைத் திறந்து பார்த்தேன். பனி இல்லை. அப்புறம் யூனிட்டின் டிரெயின் குழாயைச் சுவர் பைப்பிலிருந்து கழற்றி ஒரு வாளியில் விட்டு, இரவு முழுக்க ஏசியை ஓடவிட்டேன். தண்ணீர் எல்லாம் வாளிக்குள் ஒழுங்காக விழுந்தது, யூனிட்டிலிருந்து ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆக யூனிட்டில் குறை இல்லை, நீங்கள் பதித்த பைப்பில்தான் குறை.

அது எங்கே என்பதும் தெரியும். பூச்சு பூசுவதற்கு முன் சுவர் முழுவதையும் அளவு நாடா வைத்துப் புகைப்படம் எடுத்து வைத்திருக்கிறேன். (என் மனைவி அப்போது சிரித்தார்.) தரைமட்டத்திலிருந்து யூனிட் பக்கம் பைப் 212 செ.மீ. உயரத்தில் தொடங்குகிறது. குளியலறைக் குழாய்கள் இறங்கும் டக்டில் 210.5 செ.மீ. உயரத்தில் வெளியே வருகிறது. நீளம் ஆறரை மீட்டர். மீட்டருக்கு ஒரு செ.மீ. வாட்டமாவது வேண்டும் என்பது சாதாரண பிளம்பருக்கும் தெரிந்த கணக்கு. அப்படியென்றால் ஆறரை செ.மீ. இறங்கியிருக்க வேண்டும், இறங்கியதோ ஒன்றரை.

அதைவிட மோசம் நடுவில் இருக்கிறது. எலக்ட்ரீஷியன் வைத்த ஜங்ஷன் பாக்ஸ் வழியில் குறுக்கிட்டதால், உங்கள் ஆட்கள் பைப்பை அதற்கு அடியில் வளைத்து 208 செ.மீ.க்கு இறக்கி, திரும்ப மேலே ஏற்றியிருக்கிறார்கள். அந்தப் பள்ளத்தில் எப்போதும் தண்ணீர் நிற்கும். டக்டில் கழிவுநீர் நாற்றம் வராமல் இருக்க நீங்களே ஒரு டிராப்பும் மாட்டியிருக்கிறீர்கள், அதிலும் தண்ணீர் நிற்கும். இரண்டு தண்ணீர்ப் பூட்டுக்கும் நடுவில் காற்று மாட்டிக்கொள்கிறது. மேலிருந்து வரும் தண்ணீருக்கு அந்தக் காற்றைத் தள்ளும் அளவு அழுத்தம் கிடையாது. யூனிட்டின் தட்டுக்கும் பைப்புக்கும் சில செ.மீ. உயர வித்தியாசம்தானே இருக்கிறது! அதனால் தட்டு நிரம்பி அறைக்குள் வழிகிறது. நான் கேட்ட களகளச் சத்தம் அந்தக் காற்று தப்பிக்கும் சத்தம். நீங்கள் உறிஞ்சி எடுத்ததும் பள்ளம் காலியாகிறது, மறுபடி நிரம்பும்வரை எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தெரிகிறது.

இந்தப் பைப் ஏன் ஆறரை மீட்டர் போக வேண்டியிருந்தது? வரைபடத்தில் அப்படி இல்லை. படுக்கையறையின் வெளிச்சுவர் கான்கிரீட் சுவர். யூனிட் அதில் மாட்டப்படும், அதற்கு நேர் பின்னால் 75 மி.மீ. ஸ்லீவ் ஒன்று, வெளிப்பக்கம் ஒரு செ.மீ. சரிவோடு, கான்கிரீட் போடும்முன் கம்பியோடு கட்டி வைக்கப்படும், காப்பர் பைப்பும் டிரெயினும் அதன் வழியே நேராக வெளியே போகும் என்பதுதான் திட்டம். கட்டட வடிவமைப்புப் பொறியாளரும் அந்த இடத்தைப் பார்த்து ஒப்புதல் தந்திருந்தார். ஸ்லீவ் வைப்பது உங்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. கான்கிரீட் தேதியை உங்கள் தள மேற்பார்வையாளருக்கு இரண்டு முறை சொன்னோம். யாரும் வரவில்லை. சென்ட்ரிங் பிரித்த பிறகு வந்து, துளை போட்டுக்கொள்ளலாம் என்றார். கம்பி அறுபடும், முடியாது என்று பொறியாளர் மறுத்துவிட்டார். அவர் மறுத்தது சரி. அன்றே எங்களோடு உட்கார்ந்து புது வழி யோசித்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. உங்கள் ஆட்கள் யூனிட்டை உட்சுவருக்கு மாற்றி, எங்களிடம் கேட்காமலே டக்டை நோக்கிக் காடி எடுத்துவிட்டார்கள்.

அவுட்டோர் யூனிட்டும் அதனால்தான் டக்டுக்குள் போய் உட்கார்ந்தது. அதன் முகத்துக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையே 40 செ.மீ. தான் இருக்கிறது. வெளியே தள்ளும் சூடான காற்று சுவரில் மோதி, திரும்பவும் பின்பக்கமாக உள்ளே போகிறது. ஒரு நண்பகலில் வெப்பமானி வைத்துப் பார்த்தேன். வெளியே 36 டிகிரி, யூனிட் இழுக்கும் காற்று 47 டிகிரி. பிற்பகலில் கம்ப்ரசர் நின்று நின்று ஓடுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

சென்ற வாரம் உங்கள் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் பேசியவர், சிறிய டிரெயின் பம்ப் ஒன்று மாட்டித் தருகிறோம், சுவரை உடைக்க வேண்டாம் என்றார். வேண்டாம். பம்ப் என்றாவது பழுதாகும், அன்று மறுபடி சுவர் நனையும். தூங்கும் தலைக்கு மேல் இரைச்சலும் இருக்கும். வேறு வழியே இல்லாத பழைய வீட்டுக்கு அது சரி. இது புது வீடு.

நான் கேட்பது இதுதான். ஜங்ஷன் பாக்ஸைப் பத்து செ.மீ. மேலே நகர்த்த எலக்ட்ரீஷியன் ஒப்புக்கொண்டுவிட்டார். காடியைத் திறந்து, டிரெயின் பைப்பை 212 செ.மீ.யில் தொடங்கி டக்டில் 205 செ.மீ.யில் முடியுமாறு, எங்கும் வளையாமல் ஒரே வாட்டமாகப் போடுங்கள். அரை மீட்டருக்கு ஒரு கிளாம்ப் அடியுங்கள், இல்லாவிட்டால் பூசுவதற்குள் தொய்ந்துவிடும். குளிர்ந்த தண்ணீர் போகும் பைப் என்பதால் வெளியே இன்சுலேஷன் உறை வேண்டும். அது இல்லாவிட்டால் பைப் வியர்த்துப் பூச்சில் ஈரம் ஏறும். டக்டில் கழிவுநீர்க் குழாயோடு இணைக்காமல், தரை வடிகாலுக்கு மேல் இடைவெளி விட்டுத் திறந்தபடி முடியுங்கள். அப்போது டிராப்பே தேவையில்லை. ஏசி ஓடாத மாதங்களில் டிராப் வறண்டு நாற்றம் வரும் தொல்லையும் இல்லை.

பூசுவதற்கு முன் என் முன்னிலையில் யூனிட்டின் தட்டில் இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றிக் காட்ட வேண்டும். ஏறக்குறைய அவ்வளவும் டக்டில் வைத்த பாத்திரத்துக்கு வந்தால்தான் கொத்தனாரைக் கூப்பிடுவேன்.

அவுட்டோர் யூனிட்டை டக்டுக்கு நேர் மேலே மொட்டைமாடிக்கு ஏற்றுங்கள். காப்பர் பைப் நீளும் என்பதால், நிறுவல் கையேட்டில் சொன்ன நீள, உயர வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்த்து எழுதித் தரவும். கூடுதல் மீட்டருக்கு எவ்வளவு கேஸ் சேர்த்தீர்கள் என்பதை எடை போட்டுக் குறிக்கவும். புதிதாகச் சேர்க்கும் பைப்பில் சுவருக்குள் எந்த ஃபிளேர் இணைப்பும் மறையக் கூடாது. நைட்ரஜன் அழுத்தம் 24 மணி நேரம் குறையாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே மூட வேண்டும்.

உடைப்பு, பூச்சு, பெயின்ட் எல்லாம் உங்கள் செலவு. 15 நாட்களுக்குள் வேலை தொடங்கும் தேதியை எழுத்தில் தெரிவிக்கவும். இல்லையென்றால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். புகைப்படங்கள், நான்கு சர்வீஸ் சீட்டுகள், ஒப்பந்த நகல் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன்.

வேலைக்கு வருபவரிடம் ரசமட்டம் ஒன்று கொடுத்து அனுப்பவும். முன்பு வந்தவர் எங்கள் கொத்தனாரிடம் இரவல் கேட்டார்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்