முதல் 120 சேர்ட்

அன்பின் சிவா,

உன் கடிதம் கிடைத்தது. இத்தனை வருடம் கொழும்புக் கம்பனிகளுக்குத் தைத்துக் கொடுத்த நீ சொந்தப் பெயரில் இறங்குவது எனக்குப் பெரிய சந்தோஷம். 120 அரைக்கைச் சேர்ட்டையும் ஒரேயடியாக வெட்டலாமா என்று கேட்டிருந்தாய். வெட்டாதே மச்சான், கணக்கைப் பார்.

இதுவரை துணி கம்பனியுடையது, உனக்குக் கூலி மட்டும். இனித் துணியும் உன் முதல். 58 அங்குல அகலத்தில் ஒரு சேர்ட்டுக்கு 1.4 மீற்றர் என்றால், கழிவோடு 176 மீற்றர் வேண்டும். மீற்றர் 900 ரூபா என்று வைத்தால் சேர்ட்டுக்கு 1,320. தெறி, கன்வஸ், லேபல், பை 180. தையற்கூலி 450. ஆக 1,950, மொத்தம் 234,000 ரூபா. 3,600க்கு விற்றுப் புடவைக்கடைக்காரர் 30 வீதம் எடுத்தால் உன் கைக்கு 2,520 வரும். அதாவது 93 சேர்ட் விற்ற பிறகுதான் முதல் திரும்பும். லாபம் முழுவதும் கடைசி 27 சேர்ட்டில் கிடக்கிறது. கடையில் தேங்குவதும் அந்த 27தான், பெரும்பாலும் ஆள் இல்லாத அளவுகள்.

துணியாக இருக்கும்வரை அது எந்த அளவுக்கும் ஆகும். அதனால் 176 மீற்றரையும் ஒரே சாயத் தொகுதியில் வாங்கு, பாதியை மட்டும் வெட்டு. பிறகு வாங்கினால் நிறம் ஒரு சாடை மாறிவிடும். உன் மேசைக்கு, பற்றன்களை நெருக்கி அடுக்கி வரைந்த 4.2 மீற்றர் மார்க்கர் இரண்டு போடு: ஒன்றில் எஸ், எம், எல்; மற்றதில் எம், எல், எக்ஸ்எல். பத்துப் பத்து அடுக்கு விரித்தால் 60 சேர்ட், நடு அளவுகள் இருபது இருபது. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னம் கடைக்குக் கொடு. திருவிழா 25 நாள். முதல் கிழமையிலேயே எந்த அளவு ஓடுகிறதென்று கடைக்காரரிடம் எண்ணிக் கேட்டு, மீதித் துணியை அதற்கேற்ப வெட்டு.

இன்னொன்று, சுருக்கம். கம்பனி தந்த பற்றனில் அதற்குரிய கூடுதல் அளவை அவர்களே சேர்த்திருப்பார்கள். அந்தப் பற்றன் அவர்களுடையது, அதைத் தொடாதே; உன்னுடையதை வரைவி. துணியில் 50 சென்ரிமீற்றர் சதுரம் குறித்து, தோய்த்து, காயவிட்டு, மினுக்கி அள. 48.5 வந்தால் 3 வீதம் சுருங்குகிறது. 74 சென்ரிமீற்றர் நீளச் சேர்ட்டுக்கு அப்போது 76.3 வெட்டவேண்டும். நீளவாட்டும் குறுக்குவாட்டும் வேறு வேறாய்ச் சுருங்கும், இரண்டையும் எழுதிவை. கொலர் கன்வஸையும் துணியோடு ஒட்டித் தோய்த்துப் பார். கன்வஸ் வேறு அளவில் சுருங்கினால் கொலரில் கொப்புளம் எழும்பும், ஒருமுறை போட்டவர் அடுத்தமுறை உன் லேபலைத் தொடமாட்டார்.

பெயரை லேபலில் நெய்யக் கொடுக்க முன்னம், கொழும்பில் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் உடுப்புக்குரிய 25ஆம் வகுப்பில் அதே பெயர் வர்த்தகக் குறியாகப் பதிவாகி இருக்கிறதா என்று தேடுவி. பதிவு 10 வருடத்துக்கு, பிறகு புதுப்பிக்கலாம்.

கம்பனி வேலையை இப்போதைக்கு நிறுத்தாதே. தைக்கிற பிள்ளைகளின் சம்பளம் அதிலிருந்து போகட்டும். தோய்த்த துணித்துண்டு ஒன்றை எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
ரவி