பொருள்: லாஸ்ட் பிரைஸ் 9.24-க்குக் கீழே போகவே இல்லை, என் பொசிஷன் 9.09-ல் எப்படி லிக்விடேட் ஆனது?

வாடிக்கையாளர் சேவைக் குழுவினருக்கு,

வணக்கம். மூன்று நாளாக உங்கள் சாட்டில் ஒரே பதிலைத்தான் திரும்பத் திரும்ப அனுப்புகிறீர்கள்: “மார்க் பிரைஸ் உங்கள் லிக்விடேஷன் விலையைத் தொட்டது, சிஸ்டம் சரியாகவே இயங்கியது.” தொட்டது எனக்கும் தெரியும். ஏன் தொட்டது, தொட்ட பிறகு என் மீதிப் பணம் எங்கே போனது, அதைத்தான் கேட்கிறேன்.

நடந்தது இது. 10 டெதர் விலையில் 500 காயினுக்குப் பெர்பெச்சுவல் கான்ட்ராக்ட், பத்து மடங்கு லெவரேஜ், ஐசொலேட்டட் மார்ஜின், விலை ஏறும் என்று லாங். மொத்த மதிப்பு 5000, நான் போட்டது 500. உங்கள் மெயின்டெனன்ஸ் மார்ஜின் 1 சதவீதம். அதை வைத்துக் கணக்குப் போட்டால், 5000-இல் என் 500 போக மிஞ்சும் 4500-ஐ, 500 காயினில் 1 சதவீதம் கழித்த 495-ஆல் வகுக்க வேண்டும், மார்ஜின் போதாமல் நீங்களே பொசிஷனை மூடிவிடும் லிக்விடேஷன் விலை 9.09 வருகிறது. உங்கள் திரையும் அதையே காட்டியது. அந்த அளவுக்கு விடக்கூடாது என்றுதான் 9.20-ல் ஸ்டாப் லாஸ் போட்டேன். செவ்வாய் இரவு 2.14-க்கு பொசிஷன் காலி, ஸ்டாப் லாஸோ தொடப்படாமல் அப்படியே கிடந்து பிறகு கேன்சல் ஆகியிருக்கிறது. சார்ட்டைத் திறந்தால் அந்த நிமிடத்தின் மிகக் குறைந்த விலை 9.24!

லிக்விடேஷனை மார்க் பிரைஸில் நடத்துவதில் எனக்குச் சண்டை இல்லை. லாஸ்ட் பிரைஸ் என்பது உங்கள் ஒரு சந்தையில் கடைசியாக நடந்த ஒரு வியாபாரத்தின் விலை, அவ்வளவுதான். ஆர்டர் புக் மெலிந்திருக்கும் நேரத்தில் ஒருவர் பெரிய மார்க்கெட் ஆர்டர் அடித்தால் சார்ட்டில் நீளமாக ஒரு திரி விழும், அதை நம்பி எல்லாரையும் லிக்விடேட் செய்தால் அநியாயம். அதனால்தான் வெளி ஸ்பாட் சந்தைகளின் சராசரியை இண்டெக்ஸாக எடுத்து, அதோடு உங்கள் பெர்பெச்சுவல் விலைக்கும் இண்டெக்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தின் 5 நிமிட சராசரியைச் சேர்த்து மார்க் பிரைஸ் போடுகிறீர்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்தக் காயினுக்கு உங்கள் இண்டெக்ஸில் இருப்பது மூன்றே சந்தைகள், மூன்றுக்கும் சம எடை. அந்த நேரத்தில் ஒன்றில் 9.22, இன்னொன்றில் 9.24, மூன்றாவதில் 8.78. அந்த மூன்றாவது சந்தையின் வியாபாரப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன், நாலைந்து நொடியில் இறங்கி, மொத்தம் 11 நொடியில் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. சராசரி 9.08. உங்கள் 5 நிமிட சராசரி 11 நொடியில் எவ்வளவு நகரும்? 0.006. ஆக மார்க் பிரைஸ் 9.086, என் கதை முடிந்தது. திரியிலிருந்து காப்பாற்ற வைத்த விலையிலேயே வேறொருவர் சந்தையின் திரி புகுந்துவிட்டது.

சந்தை விலைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் விலையிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகும் சந்தையை ஒதுக்கிவிடுவோம் என்று உங்கள் விதியில் எழுதியிருக்கிறீர்கள். இது விலகியது சுமார் 4.8 சதவீதம், விதிக்குள்தான். சரி, ஒப்புக்கொள்கிறேன். மூன்றே சந்தை வைத்துக்கொண்டு இவ்வளவு தளர்வான வரம்பு எதற்கு என்பது வேறு கேள்வி.

அடுத்து ஸ்டாப் லாஸ். அது எந்த விலையைப் பார்த்து இயங்கும் என்பதற்கு ஒரு சின்ன மெனு இருக்கிறது, அதில் நீங்களே முன்கூட்டித் தேர்ந்து வைத்திருப்பது லாஸ்ட் பிரைஸ். நான் அதைத் திறந்து பார்க்கவில்லை, அது என் தப்பு. ஆனாலும் கேட்கிறேன், லிக்விடேஷன் ஒரு விலையைப் பார்க்கிறது, அதைத் தடுக்கப் போட்ட ஸ்டாப் இன்னொரு விலையைப் பார்க்கிறது, ஆர்டர் போடும்போது ஒரு வரி எச்சரிக்கைகூட இல்லையே? மார்க் பிரைஸில் இருந்திருந்தால் இறங்கிய அந்த நாலைந்து நொடியில் ஸ்டாப் கிளம்பி, 9.24 பக்கத்தில் விற்று, சுமார் 380 நஷ்டத்தோடு 120 டெதர் கையில் மிஞ்சியிருக்கும்.

அந்த 120-தான் எனக்கு உறுத்துகிறது. என் கணக்கில் பொசிஷன் மூடிய விலை 9.00, அதாவது என் மார்ஜின் முழுக்கக் கரையும் விலை. ஆனால் அந்த நிமிடத்தில் உங்கள் வியாபாரப் பட்டியலில் 9.24-க்குக் கீழே ஒரு விற்பனைகூட இல்லை. 9.00-க்கு என்னிடம் எடுத்து 9.24-க்கோ மேலேயோ விற்றிருந்தால், 500 காயினுக்கு 120 டெதராவது உங்கள் இன்ஷூரன்ஸ் ஃபண்டுக்குப் போயிருக்க வேண்டும்.

எனவே 2.14 நிமிடத்துக்கான இண்டெக்ஸ், மூன்று சந்தை விலைகள், மார்க் பிரைஸ் எல்லாவற்றையும் நொடிவாரியாக அனுப்புங்கள். என் 500 காயின் உண்மையில் எந்த விலைக்கு விற்கப்பட்டது என்பதையும் சேர்த்து. விற்ற விலைக்கும் 9.00-க்கும் உள்ள வித்தியாசத்தை, உங்கள் லிக்விடேஷன் கட்டணம் ஏதாவது இருந்தால் கழித்துக்கொண்டு, என் கணக்கில் திருப்பிப் போடுங்கள். அப்புறம், தயவுசெய்து பழைய பதிலையே ஒட்டி அனுப்பாமல், கணக்குத் தெரிந்த ஒருவரை எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்