சில்வண்டு எங்கே உட்கார வேண்டும்?

அன்புள்ள முருகேசு,

கடிதமும், உரைநடைக்கு அடியில் ஹைக்கூ வைத்து நீ எழுதிய பாம்பன் ஹைபுனும் கிடைத்தன. கண் அறுவைக்குப் பிறகு கையெழுத்து தெளிந்திருக்கிறது, சந்தோஷம். உரைநடை நன்றாக வந்திருக்கிறது. இடறுவது கடைசி மூன்று வரிதான். காரணத்தை ஜப்பானிய ஹைக்கூ கவி பாஷோவை வைத்தே சொல்கிறேன்.

1689 ஜூலையில் பாஷோவும் கூடப் பயணம் போன சீடர் சோராவும் ஒபனாசவா என்ற ஊரில் இருந்தார்கள். பார்க்காமல் போகாதீர்கள் என்று அங்கிருந்தவர்கள் சொல்லவே, ஏழு ரி தூரம், அதாவது சுமார் 27 கிலோமீட்டர், வழியை மாற்றி யமாதேரா என்ற மலைக்கோயிலுக்குப் போனார்கள். பாஷோவின் பயண நூலில் அதைப் பற்றிய பத்தி மிகச் சிறியது. அடிவாரத்தில் தங்க இடம் பிடித்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே ஏறுகிறார்கள். பாறைமேல் பாறை, முதிர்ந்த மரங்கள், வழுக்கும் பாசி, கதவடைத்த சன்னதிகள். ஒரு சத்தமும் இல்லை என்கிறார். பிறகு கவிதை:

என்ன நிசப்தம்!
பாறைக்குள் இறங்குகிறது
சில்வண்டின் குரல்

உரைநடையில் சில்வண்டே கிடையாது, கவனி. சத்தமில்லை என்று சொல்லி முடித்த இடத்தில் சத்தம் வருகிறது. நிசப்தம் கலையவில்லை, ஆழமாகிறது. கோடையைச் சொல்லும் பருவச்சொல்லும் அந்தச் சில்வண்டேதான்.

இது ஒரே மூச்சில் வந்ததல்ல. சோராவின் குறிப்பில் உள்ள வடிவம் ‘மலைக்கோயில்’ என்று தொடங்குகிறது. குரல் அங்கே கல்லில் ஊறி ஒட்டுகிறது, அவ்வளவுதான். தனிக்கவிதைக்கு இடப்பெயர் தேவை. ஆனால் பத்திக்கு அடியில் வைக்கும்போது, கோயிலைத்தான் உரைநடை காட்டிவிட்டதே! முதல் வரி வீணாகிறது. இறுதி வடிவத்தில் அந்த இடத்துக்கு நிசப்தம் வந்தது, ஒட்டிய குரல் உள்ளே புகுந்தது.

உன்னுடையதற்கு வருவோம். ரயில் ஊர்வதையும் இருபுறக் கடலையும் எல்லோரும் ஜன்னலுக்கு நகர்வதையும் பத்தியிலேயே எழுதிவிட்டாய். அப்புறம்,

நடுக்கடலில் ரயில்
இருபுறமும் நீலம்
மனதில் அமைதி

என்றால் முதல் இரண்டு வரியும் பத்தியின் சுருக்கம். மூன்றாவது, வாசகன் உணர வேண்டியதை நீயே சொல்லிவிடுவது. கவிதையைக் கையால் மறைத்துப் பத்தியை மட்டும் படித்துப் பார், எதுவும் குறையவில்லை. பிழை இருப்பது அப்படித்தான் தெரியும்.

பத்தியின் நடுவில் ஜன்னல் கம்பி உப்புப் பூத்திருந்தது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். அதை அங்கிருந்து எடுத்துவிடு. பத்தி பாலத்திலேயே முடியட்டும். கவிதை கொஞ்சம் தள்ளி, கரையேறிய பிறகு தொடங்கட்டும்:

மண்டபம் தாண்டியும்
உள்ளங்கையில் பிசுபிசுக்கிறது
ஜன்னல் கம்பியின் உப்பு

பார்வை தொடுகையாகிவிட்டது, நேரமும் நகர்ந்துவிட்டது. ஆனால் ஒன்று: இதைத் தனியாகப் படிப்பவனுக்கு உப்பு கடலினது என்று புரியுமா? மண்டபம் தெரிந்தவனுக்குப் புரியும். மற்றவனுக்காக அசை கூட்டி விளக்கப் போகாதே. மூன்று வரிக்கு 5-7-5 என்பது ஜப்பானிய ஒலியளவு. தமிழில் அதை எண்ணி நிரப்பினால் ‘மிகவும்’, ‘அந்த’ எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

திருத்தியதை அனுப்பு. தங்கச்சிக்கு என் விசாரிப்புகள்.

அன்புடன்,
சிவராமன்