சதுரங்க மன்றம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு நான்கு முறை கூடியது. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். ஏழு வயதுக் குழந்தைகளின் ஞாயிறு வகுப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். புகார் வந்ததும் அதன்மேல்தான்.

போன ஆண்டு முதல் நாளே 32 காய்களையும் அடுக்கி வைத்து ஆடச் சொன்னோம். ஒரு மாதத்தில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். அதனால் இந்த முறை சிப்பாய்கள் மட்டும். பக்கத்துக்கு எட்டு; எதிர்க்கோடியை முதலில் தொடுபவருக்கு வெற்றி. பலகையின் ஒவ்வொரு நேர்வரிசையும் ஓர் இட்டேரி, சிப்பாய்கள் ஆடுகள் என்று கதை சொன்னோம். இட்டேரியில் எதிரெதிரே வந்த இரண்டு ஆடுகளும் அப்படியே நிற்க வேண்டியதுதான். முட்டுவதானால், வேலிச்சந்து வழியே ஒரு கட்டம் முன்னால், மூலையில் நிற்கும் ஆட்டைத்தான் முட்டலாம். மற்ற காய்கள் நடக்கிற வழியிலேயே வெட்டும். சிப்பாய் மட்டும் நேரே நடந்து மூலையில் வெட்டும். குழந்தைகள் தடுமாறுவதும் அங்கேதான். புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "இது எதையெல்லாம் வெட்டும், தொட்டுக் காட்டு கண்ணு" என்றால்தான் தெரியும். விரல் நேர் முன்கட்டத்துக்குப் போனால் இன்னொரு வாரம் ஆடுதான்.

கடைசி வரிசைக்குப் போன சிப்பாய் ராணியாகலாம் என்றபோது ஒரு பெண் குழந்தை, "ஏனுங் சார், ஆடு எப்படிங் ராணியாகும்?" என்று கேட்டாள். பதிலில்லை. அடுத்த வகுப்பிலிருந்து ஆடுகளைச் சிப்பாய்களாகவே மாற்றிவிட்டோம், இட்டேரி மட்டும் இருந்தது. விதியோடு மோதுகிற கதை பின்னால் காலை வாரும்.

குதிரைக்குப் பலகையில் ஐந்து புளியங்கொட்டை போட்டு, 'கொள்ளு பொறுக்கும் குதிரை' என்று விட்டோம். ஒரு பையனின் குதிரை மட்டும் கொட்டைக்குப் பக்கத்திலேயே போய் இறங்கிக்கொண்டிருந்தது. கவனித்தால், நிற்கிற கட்டத்தையும் சேர்த்து 'ஒன்று' என எண்ணுகிறான். எண்ணுவதை விடச் சொல்லி, நிறத்தைப் பார்க்கச் சொன்னோம்: கறுப்பிலிருந்து கிளம்பிய குதிரை வெள்ளையில்தான் இறங்கும். நிறம் மாறவில்லையென்றால் தப்பு. அதன்பின் அவனே திருத்திக்கொண்டான். ஆனால் நிறம் சரியாக இருப்பதாலேயே தாவலும் சரியாகிவிடாது. பக்கத்துக் கட்டமும் வேறு நிறம்தானே. அதை ஆசிரியர்தான் பார்க்க வேண்டும்.

யானை, மந்திரி, ராணி சீக்கிரம் முடிந்தன. ராஜாவைக் கடைசியில் வைத்தோம். மூன்று மாதம் வெட்டியே பழகிய கைக்கு, ராஜாவை மட்டும் வெட்டக் கூடாது, தப்ப வழியில்லாமல் மடக்க வேண்டும் என்பது ஏறவில்லை. இதற்கு நல்ல கதை இன்னும் அமையவில்லை. உறுப்பினர்கள் யாராவது சொன்னால் உதவி.

இனி புகார். "ரெண்டு மாசமா எங்க பையனுக்கு ஆடு மேய்க்கத்தான் சொல்லித் தர்றீங்களாங்க?" என்று ஒரு பெற்றோர் கேட்டார். முழு ஆட்டம் பதினான்காம் வாரம்தான் என்பதைச் சேர்க்கும்போதே சொல்லாதது என் தவறு. இந்த ஆண்டு விண்ணப்பத்திலேயே அச்சிட்டுவிட்டோம்.

சிப்பாய்கள் ஏழு தொலைந்துள்ளன. தனிச் சிப்பாய் கடையில் கிடைப்பதில்லை. இரண்டு செட் வாங்கப் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

செயலாளர்