துப்பாக்கி வெடித்தது, முடிவு தள்ளிப்போனது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கமுங்க.

தொலைக்காட்சித் தொடரில் ஒரு பாகம் முடியும்போது கதையை அந்தரத்தில் விட்டுப்போவது வெறும் ஏமாற்று வேலை என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கோபப்பட்டிருந்தார். கோபம் நியாயம்தான். ஆனால் எந்தக் கேள்வியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று கவனித்தால், அடுத்த பாகத்தில் எதை இன்னும் முடிவு செய்யவில்லை என்பதும் பிடிபடும்.

அமெரிக்காவின் ‘டாலஸ்’ தொடரைப் பாருங்கள். 1980 மார்ச் 21-இல் பாகத்தின் கடைசி அத்தியாயம். எண்ணெய் வியாபாரி ஜே.ஆர். இரவில் அலுவலகத்தில் தனியாக இருக்கிறான். வெளியே சத்தம் கேட்டு வருகிறவனை யாரோ சுடுகிறார்கள். சுட்டவர் முகம் காட்டப்படவில்லை. அதற்கு முன்பே மனைவி, மைத்துனி, தொழில் எதிரி, அவனால் நொடித்துப்போன வங்கிக்காரர் என்று ஒவ்வொருவருக்கும் அவனைக் கொல்லக் காரணம் கொடுத்துவிட்டார்கள். அதனால் சுட்டது யார் என்பதை நிதானமாகப் பிறகு தீர்மானிக்கலாம். யாரைச் சொன்னாலும் பொருந்தும்.

அவன் பிழைப்பானா என்ற இரண்டாவது கேள்விதான் சூட்சுமம். ஜே.ஆராக நடித்த லாரி ஹாக்மேன் அந்த இடைவெளியில் சம்பளத்தை உயர்த்தக் கேட்டுப் பேச்சு நடத்தினார். பேச்சு முறிந்தால் பாத்திரத்தைச் சாகவிடவும் கதையில் இடம் இருந்தது. ஆகவே முக்கியப் பாத்திரத்தின் உயிரே ஊசலாடினால், அந்த நடிகரின் ஒப்பந்தம் முடிவாகவில்லையோ என்று சந்தேகிக்கலாம். எல்லாச் சமயமும் அப்படி இல்லை.

நடிகர்கள் வேலைநிறுத்தத்தால் தாமதமாகி, நவம்பர் 21-இல்தான் விடை வந்தது: சுட்டவள் மைத்துனி கிரிஸ்டின். அவள் வயிற்றில் வளர்வது ஜே.ஆரின் பிள்ளை என்றும் சொல்கிறாள். அவனால் அவளைச் சிறைக்கு அனுப்ப முடியவில்லை. வங்கிக்காரர் சுட்டிருந்தால் வழக்கோடு கதை முடிந்திருக்கும். எவருடைய பெயர் வீட்டுக்குள் அடுத்த சிக்கலைக் கொண்டுவருமோ, அவர்தான் நல்ல விடை.

அதே தொடர் சறுக்கியதும் உண்டு. 1985-இல் ஜே.ஆரின் தம்பி பாபியைச் சாகடித்தார்கள். நடித்தவர் விலக விரும்பியதுதான் காரணம், பாபி பிழைத்துவர வழி வைக்காமல் முடிவை மூடிவிட்டார்கள். அவர் திரும்பி வரச் சம்மதித்ததும் கதவைத் திறக்க வழியில்லை. 1986-இல் பாபி குளியலறையில் நிற்பதாகக் காட்டி, இடைப்பட்ட பாகம் முழுவதையும் அவனுடைய முன்னாள் மனைவி கண்ட கனவு என்று தள்ளினார்கள். ஒரு வருஷம் பார்த்தவர்களுக்கு அதெல்லாம் நடக்கவே இல்லை என்றாகிவிட்டது.

நம் நெடுந்தொடர்களில் சனிக்கிழமை ராத்திரி கத்தி ஓங்குவதும், திங்கட்கிழமை அது நினைப்புதான் என்று காட்டுவதும் இதன் சின்ன வடிவம். ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் தறி ஓட்டிக்கொண்டே ஒரு காதில் வசனம் கேட்கிறவர்கள்கூடத் திங்கட்கிழமை என்ன வரும் என்று முன்பே சொல்லிவிடுகிறார்கள். காரணம், முந்தைய வாரத்தில் யாருக்கும் கத்தி ஓங்கும் அளவு காரணம் விதைக்கப்பட்டிருக்காது.

ஆகவே அடுத்த முறை ‘தொடரும்’ என்று வந்ததும், கடைசி நாலைந்து அத்தியாயங்களில் எத்தனை பேருக்கு அந்தச் சம்பவத்தில் காரணம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மூன்று பேராவது தேறினால் எழுத்தாளர் திட்டமிட்டிருக்கிறார். ஒருவர்கூடத் தேறாவிட்டால் அவருக்கே விடை தெரியாமலும் இருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோபிசெட்டிபாளையம்