மாத்திரை தொடங்கிய முதல் நாலு வாரம்: காரைக்குடி வட்டார டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு மாத்திரை எழுதும் டாக்டர்களுக்கு வணக்கம்.

போன வருஷம் என் 16 வயது மகனுக்கு ஃபுளுவாக்சிடின் தொடங்கினார்கள். முதல் வாரம் 10 மில்லிகிராம், அப்புறம் 20. "மாத்திரை கேட்க நாலு வாரம், ஆறு வாரம் ஆகும், பொறுமையா இருங்க. அடுத்த மாசம் வாங்க" என்றார் டாக்டர். அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பதினோராம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு வளவில் காலடிச் சத்தம் கேட்டு எழுந்தேன். தூண்களைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தான். உட்காரச் சொன்னால் உட்கார்ந்தான், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, எழுந்துவிட்டான். உட்கார்ந்திருந்த அந்தக் கொஞ்ச நேரமும் கால் ஆடிக்கொண்டே இருந்தது. மூன்று மாதமாகக் கட்டிலை விட்டு எழாத பிள்ளை என்பதால், காலையில் அப்பத்தா "பாரு, பிள்ளைக்குத் தெம்பு வந்திருச்சு" என்று சந்தோஷப்பட்டார்கள். நானும் நம்பினேன். பதின்மூன்றாம் நாள் ஒன்றுமில்லாத விஷயத்துக்குத் தங்கை மேல் தட்டை எறிந்தான். அன்று சாயங்காலம் தனியாக உட்கார வைத்து, "சாகணும்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேட்டேன். "சாகணும்னு இல்லம்மா, இந்த உடம்பைக் கழட்டிப் போட்டுட்டு ஓடிரணும் போல இருக்கு" என்றான்.

தெம்பு என்று நாங்கள் நினைத்தது அகதீசியா. உள்ளுக்குள் ஒரு பரபரப்பு, உட்கார முடியாத தவிப்பு. இந்த வகை மாத்திரையைத் தொடங்கிய முதல் சில வாரங்களிலும், அளவைக் கூட்டிய உடனேயும் சில பிள்ளைகளுக்கு இது வரும். தூக்கம் கெடும், எரிச்சல் கூடும். வீட்டில் இருப்பவர்களுக்கு அது பரீட்சை பயமாகவோ, கோபமாகவோ, குணமாவதாகவோ தெரியும். குணமாகிற பிள்ளை நிம்மதியாக உட்காரும், சாப்பிடும், தூங்கும். இவனுக்கு உட்கார ஆசைதான், முடியவில்லை. இன்னொன்றையும் அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். மூன்று மணி நேரம் மட்டும் தூங்கிவிட்டுக் களைப்பே இல்லாமல், வழக்கத்துக்கு மாறாக ஓயாமல் பேசி, பெரிய பெரிய திட்டம் போட்டால் அது சோர்வுக்கு நேர்மாறாக மனநிலை அளவுக்கு மீறி ஏறுவதன் அடையாளமாக இருக்கலாம். இரண்டுக்குமே அடுத்த மாதம் வரை காத்திருக்கக் கூடாது.

மறுநாள் போன் செய்தோம். டாக்டர் அளவை மறுபடி 10 ஆக்கினார். ஃபுளுவாக்சிடின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும், அதனால் தவிப்பு ஒரே நாளில் அடங்கவில்லை, பத்து நாளுக்கு மேல் ஆனது. அதுவரை ராத்திரி அவன் பக்கத்திலேயே படுத்தேன். மாத்திரை அட்டையை இரும்புப் பெட்டியில் பூட்டி, தினம் ஒன்றாக எடுத்துக் கொடுத்தேன். கொல்லையில் இருந்த பூச்சிமருந்தை அன்றைக்கே வீட்டை விட்டு வெளியேற்றினோம். இப்போது நன்றாக இருக்கிறான், அதே மாத்திரையில்தான்.

அதனால் மாத்திரையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 2004இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, பிள்ளைகளுக்கு மனச்சோர்வு மாத்திரைகள் கொடுத்துப் பார்த்த 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மாத்திரை சாப்பிட்ட பிள்ளைகளில் 100க்கு 4 பேருக்குத் தற்கொலை எண்ணமோ முயற்சியோ வந்திருந்தது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 2 பேருக்கு. அந்த ஆய்வுகளில் யாரும் இறக்கவில்லை. இதை மறைத்தால் முதல் தொந்தரவிலேயே பயந்துபோய் நாங்களே மாத்திரையை நிறுத்திவிடுவோம், மனச்சோர்வு மருந்தில்லாமல் கிடக்கும். முன்கூட்டியே சொன்னால் கவனிப்போம்.

நான் கேட்பது இவ்வளவுதான். முதல் நாலு வாரம் வாரம் ஒருமுறை, அடுத்த நாலு வாரம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிள்ளையைப் பாருங்கள். பள்ளத்தூரிலிருந்தும் கண்டனூரிலிருந்தும் வாராவாரம் லீவு போட்டு வர முடியாதவர்களுக்கு ஐந்து நிமிஷ போன் போதும். தூக்கம் எப்படி, ஒரு இடத்தில் உட்கார முடிகிறதா, சாவைப் பற்றி எண்ணம் வருகிறதா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை எங்களை வெளியே அனுப்பிவிட்டுப் பிள்ளையிடம் மட்டும் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஒவ்வொரு முறை அளவை மாற்றும்போதும் இந்தக் கணக்கை முதல் வாரத்திலிருந்து தொடங்குங்கள்.

அப்புறம், சீட்டின் பின்பக்கம் தமிழில் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள்: எது வந்தால் அன்றைக்கே கூப்பிட வேண்டும், யாரை. உங்கள் கிளினிக் பூட்டியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்கு, 24 மணி நேரமும் எடுக்கும் அரசு மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416ஐயும் அதிலேயே எழுதிவிடுங்கள். அந்த ராத்திரி எனக்கு அந்த எண் தெரியாது.

இப்படிக்கு,
செட்டிநாட்டிலிருந்து ஒரு தாய்