350 டிகிரி எந்த டிகிரி?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் வந்த ராகி வாழைப்பழ கேக் குறிப்பைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் காவேரிப்பட்டணம் பக்கம் ராகி இல்லாத வீடு கிடையாது. களியும் கூழும் வேண்டாம் என்கிற பிள்ளைகளுக்கு இந்த கேக் நல்ல வழி. ஆனால் குறிப்பில் “350 டிகிரியில் 45 நிமிடம்” என்று மட்டும் இருந்தது. எந்த டிகிரி, எந்த அடுப்பு, எத்தனை அங்குல டின் என்று எதுவுமே இல்லை.

பக்கத்து வீட்டுப் பெண் அதைப் படித்துவிட்டு, புதிதாக வாங்கிய ஏர் ஃப்ரையரில் செய்து பார்த்தாள். பாதியில் என்னைக் கூப்பிட்டாள். “அக்கா, 350 வரவே மாட்டேங்குது. 200-லயே நின்னுடுது. சரி, 200-லயே 45 நிமிஷம் வச்சுட்டேன்” என்றாள். நான் போவதற்குள் தீய்ந்த வாடை வாசல் வரை வந்துவிட்டது. டின்னை எடுத்துக் கத்தி போட்டால், மேலே கரிய ஓடு ஒன்று மூடி மாதிரி தனியாகக் கழன்று வந்தது. நடுவில் மாவு அப்படியே பச்சையாக வழிந்தது. மூன்று பழம், இரண்டு முட்டை, நாட்டுச் சர்க்கரை எல்லாம் வீண். தான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்து அவள் அழாத குறை. அவள் மேல் ஒரு தப்பும் இல்லை.

350 என்பது ஃபாரன்ஹீட். அமெரிக்கக் குறிப்புகளில் கேக்குக்கு வழக்கமாக வருகிற எண் அது. நம் வீட்டு ஓடிஜி, ஏர் ஃப்ரையர் எல்லாம் பெரும்பாலும் செல்சியஸ். ஓடிஜியே பொதுவாக 250 டிகிரியோடு நின்றுவிடும். அதனால் அலகு போடாத குறிப்பில் 250-க்கு மேல் எண் இருந்தால், அதை ஃபாரன்ஹீட் என்றே எடுத்துக்கொள்ளலாம். முறைப்படி மாற்றுவதென்றால் 32-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுக்க வேண்டும். 350-இல் 32 போனால் 318. அதை 5-ஆல் பெருக்கினால் 1590. 9-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 177. இது விசிறி இல்லாத ஓவனுக்கான சூடு.

ஏர் ஃப்ரையருக்கு இந்த 177-ஐயும் அப்படியே வைக்கக் கூடாது. ஒரே வெயில்தான் என்றாலும் காற்றடிக்கிற நாளில் கொடித் துணி சீக்கிரம் காய்கிறது அல்லவா, அதே கதைதான் இங்கேயும். மேலே சூடாகும் கம்பி, அதற்கு மேல் விசிறி, கீழே சின்னக் கூடை. சுடுகாற்று விடாமல் மோதுவதால் பண்டத்தின் மேற்பரப்பு வேகமாகச் சூடேறும். அதனால் 15 முதல் 20 டிகிரி குறைக்க வேண்டும். 177 போய் 160 ஆகும்.

இதில் எனக்குக் கைகொடுக்கிற குறுக்குவழி ஒன்று உண்டு. ஃபாரன்ஹீட்டில் 30-ஐக் கழித்துப் பாதியாக்கினால் தோராயமாகச் செல்சியஸ் வரும் என்று சொல்வார்கள். வெயில் கணக்குக்கு அது பொருந்தும். அடுப்புச் சூட்டுக்கு வந்தால் சரியான விடையைவிட 15, 20 டிகிரி குறைவாகக் காட்டும். நமக்குக் குறைக்க வேண்டியதும் அதே அளவுதான்! 350-இல் 30 போனால் 320, பாதி 160. 400 என்றால் 185. ஓவனுக்கான ஃபாரன்ஹீட் எண்ணிலிருந்து ஏர் ஃப்ரையருக்கான செல்சியஸ் எண் நேரடியாகவே கிடைத்துவிடும். ஆனால் குறிப்பில் செல்சியஸ் போட்டிருந்தால் இந்தக் கணக்கு ஆகாது, 20-ஐ மட்டும் கழித்தால் போதும். விசிறி ஓவனுக்கென்றே எழுதிய குறிப்பு என்றால் அதில் ஏற்கெனவே குறைத்திருப்பார்கள். மறுபடி குறைத்தால் கேக் வேகாது.

நேரத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். காற்று வேகப்படுத்துவது வெளிப்பக்கத்தை மட்டும்தான். மாவுக்குள் சூடு நடுவரை போவதற்கு அதற்கென்று ஒரு நேரம் வேண்டும், அதை அவசரப்படுத்த முடியாது. 200 டிகிரியில் மேலே கரிந்து உள்ளே பச்சையாக நின்றதற்குக் காரணம் இதுதான். கேக்குக்கு ஐந்தில் ஒரு பங்கு நேரம் குறைத்தால் போதும். 45 நிமிடம் 36 ஆகும். பார்க்க ஆரம்பிப்பது 30-ஆவது நிமிடத்திலிருந்து.

மறு வாரம் இருவரும் சேர்ந்து செய்தோம். அந்த அளவு மாவு 8 அங்குல டின்னுக்கு உரியது. அவளுடைய கூடையில் 6 அங்குல டின்தான் சுற்றிலும் விரலிடை விட்டு உட்கார்ந்தது. காற்று போய்வர அந்த இடைவெளி வேண்டும். வட்ட டின்னின் கொள்ளளவு விட்டத்தின் வர்க்கப்படி போகும், 64-க்கு 36. அதாவது பாதிக்குக் கொஞ்சம் மேல். அதனால் எல்லாவற்றையும் பாதியாக்கினோம், ஒரு முட்டை, ஒன்றரைப் பழம். ராகி மட்டும் போட்டால் உதிர்ந்துவிடும் என்பதால் குறிப்பில் இருந்தபடியே பாதி கோதுமை மாவு.

ஏர் ஃப்ரையரை 160-இல் 4 நிமிடம் வெறுமனே ஓடவிட்டோம். டின்னின் மேல் அலுமினியத் தாளைச் சற்று உப்பலாக மூடி, விளிம்பில் இறுக்கி மடித்தோம். தாள் தளர்வாக இருந்தால் விசிறிக் காற்றில் எழும்பிக் கம்பியில் போய் ஒட்டும், அது ஆபத்து. 25 நிமிடம் மூடியபடி, பிறகு தாளை எடுத்துவிட்டு 8 நிமிடம். ராகியும் நாட்டுச் சர்க்கரையும் மாவிலேயே கறுப்பு என்பதால் நிறத்தை வைத்து வெந்ததா என்று கண்டுபிடிக்க முடியாது. ஓரம் டின்னை விட்டு விலகியிருக்கிறதா, நடுவில் விரலால் அழுத்தினால் எழும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். குச்சியை இரண்டு இடத்தில் குத்துங்கள். ஒரு இடத்தில் பழத்துண்டு பட்டால் வெந்த கேக்கிலும் குச்சி ஈரமாகத்தான் வரும்.

அப்புறம், இண்டக்‌ஷன் அடுப்பில் 160, 180 என்று பொத்தான் இருக்கிறதே, அதில் வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். அந்த எண் வேறு. வெப்ப உணரி கண்ணாடித் தட்டுக்கு அடியில் இருக்கிறது. அது பார்ப்பது பாத்திரத்தின் அடிச்சூட்டை, அதையும் கண்ணாடி வழியாக. கேக்கைச் சுற்றி எவ்வளவு சூடு என்பது அதற்குத் தெரியாது. காலிக் கடாயில் உப்பைக் கொட்டிச் சூடாக்கினால், கண்ணாடி அதிகம் சூடாகி அடுப்பு தானே அணைந்துவிடும் நேரமும் உண்டு. இண்டக்‌ஷன் மட்டும் இருக்கிறவர்கள் இதே மாவை இட்லிப் பானையில் ஆவியில் வைக்கலாம். அடி தட்டையாக, காந்தம் ஒட்டுகிற பாத்திரமாக இருக்க வேண்டும். தண்ணீர் கொதித்த பின் வாட்டைக் குறைத்து 40 நிமிடம். கொதிநீர் தன் சூட்டைத் தாண்டாது என்பதால் டிகிரிக் கணக்கே தேவையில்லை. மேலே மொறுமொறுப்பு மட்டும் வராது.

இனி வரும் குறிப்புகளில் எண்ணோடு செல்சியஸா ஃபாரன்ஹீட்டா, விசிறி உண்டா இல்லையா, டின் எத்தனை அங்குலம் என்ற மூன்றையும் ஒரே வரியில் போட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். சென்ற இதழின் குறிப்புக்கு ஒரு திருத்தமும் வேண்டும். இன்னும் யாராவது அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சமையலறையில் ஒட்டிவைத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.